மூன்று ஊடகங்களின் கணக்கைக் கூட்டினால் ஊரின் மக்கள்தொகையைத் தாண்டுவது ஏன்?

கேள்வி: "எங்கள் தொண்டு நிறுவனம் மழைக்காலத்தை ஒட்டி ஒரு நகரத்தில் டெங்கு தடுப்புப் பிரசாரம் செய்யப்போகிறது. ஊரில் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் சுமார் 2 லட்சம் பேர். நான்கு வாரத் திட்டத்தில் உள்ளூர் டிவி 90,000 பேரைச் சராசரியாக 6 முறையும், எஃப்எம் 60,000 பேரை 5 முறையும், ஃபேஸ்புக் 80,000 பேரை 4 முறையும் சென்றடையும் என்கிறார்கள். கூட்டினால் 2,30,000 வருகிறது. ஊரிலேயே அத்தனை பேர் இல்லையே? உண்மையில் எத்தனை பேரைச் சென்றடைவோம்? ஒருவர் எத்தனை முறை பார்த்தால் போதும்?"

பதில்:

இந்த எண்களில் கூட்டக்கூடியவையும் உண்டு, கூட்டக்கூடாதவையும் உண்டு. விளம்பரம் எத்தனை தடவை கண்ணிலோ காதிலோ பட்டது என்பதுதான் இம்ப்ரஷன். அதைத் தாராளமாகக் கூட்டலாம். டிவியில் 5,40,000, எஃப்எம்மில் 3,00,000, ஃபேஸ்புக்கில் 3,20,000, மொத்தம் 11,60,000. ஆனால் ரீச் என்பது ஆட்களின் எண்ணிக்கை. காலையில் எஃப்எம் கேட்டுவிட்டு இரவில் டிவி பார்க்கும் ஒரே பெண் இரண்டு பட்டியல்களிலும் இருக்கிறார். கூட்டும்போது அவரை இரண்டு பேராக எண்ணிவிடுகிறோம். மூன்று பட்டியல்களிலும் இருப்பவர் மூன்று பேராகிவிடுகிறார்.

அப்படியானால் உண்மையான எண் எந்த எல்லைக்குள் இருக்கும்? எஃப்எம் கேட்பவர்களும் ஃபேஸ்புக் பார்ப்பவர்களும் எல்லோரும் டிவி பார்ப்பவர்களே என்றால் ரீச் வெறும் 90,000. மூன்று கூட்டங்களும் முடிந்தவரை ஒன்றோடொன்று கலக்காமல் பரவியிருந்தால் ஊர் முழுவதும், அதாவது 2 லட்சம். இரண்டுமே நடக்காது. இடையில் எங்கே என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

விளம்பரத் துறையில் எல்லோரும் முதலில் செய்யும் கணக்கு, ஊடகங்களுக்கு இடையே எந்தத் தொடர்பும் இல்லை என்று வைத்துக்கொள்வது. ஊரில் 100 பேர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டிவி 45 பேரைப் பிடிக்கிறது, 55 பேரைத் தவறவிடுகிறது. அந்த 55 பேரிலும் எஃப்எம் 30 சதவீதத்தைப் பிடிக்கும் என்றால் மீதி 38 அல்லது 39 பேர். அவர்களில் 40 சதவீதத்தை ஃபேஸ்புக் பிடிக்க, கடைசியில் 23 பேர் மிஞ்சுகிறார்கள். ஆக ரீச் 77 சதவீதம். உங்கள் ஊரில் சுமார் 1,54,000 பேர். தவறவிட்டவர்களின் விகிதங்களைப் பெருக்கி, 1-லிருந்து கழித்தால் போதும்:

```
1 - (0.55 × 0.70 × 0.60) = 0.769
```

முதல் மதிப்பீட்டுக்கு இது போதும். ஆனால் இந்தக் கணக்கு பெரும்பாலும் உண்மையைவிட அழகான எண்ணைத்தான் தரும். காரணம், ஊடகங்களிலிருந்து விலகியிருப்பவர் எல்லா ஊடகங்களிலிருந்தும் சேர்ந்தே விலகியிருக்கிறார். விடியற்காலையில் கட்டட வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புபவர், தனியாக வாழும் முதியவர், தமிழ் தெரியாத ஒடிசா அல்லது பிகார் தொழிலாளி ஆகியோரிடம் டிவி போய்ச் சேரவில்லை என்றால் எஃப்எம்மும் ஃபேஸ்புக்கும் போய்ச் சேராமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். டெங்குப் பிரசாரத்தில் இவர்கள் ஓரமாக நிற்பவர்கள் அல்லர். தண்ணீரைச் சேமித்து வைக்கும் தொட்டிகளும் டிரம்களும் நெருக்கமாக இருக்கும் குடியிருப்புகளில்தான் இவர்களில் பலர் வாழ்கிறார்கள்.

எனவே ஒரு சிறு கணக்கெடுப்பு செய்யுங்கள். 200 பேர் போதும். வார்டுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு தெருவிலும் பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று போய், வீட்டில் இருப்பவர்களில் ஒருமுறை ஆண், மறுமுறை பெண் என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போனால்தான் வேலைக்குப் போகிறவர்கள் கிடைப்பார்கள். கூகுள் ஃபார்ம் அனுப்பிச் செய்யாதீர்கள். யாரைத் தேடுகிறீர்களோ அவர்களிடம் அது போகவே போகாது. கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள்: கடந்த ஏழு நாட்களில் உள்ளூர் சேனல் பார்த்தீர்களா, எஃப்எம் கேட்டீர்களா, ஃபேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராம் திறந்தீர்களா?

விடைகள் இப்படி வந்தன என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை). 112 பேர் டிவி, 76 பேர் எஃப்எம், 100 பேர் ஃபேஸ்புக். ஆட்களாகப் பிரித்தால், மூன்றையும் பயன்படுத்துபவர்கள் 38 பேர், இரண்டை மட்டும் 52 பேர், ஒன்றை மட்டும் 70 பேர், எதையுமே பயன்படுத்தாதவர்கள் 40 பேர்.

டிவி பார்ப்பவர்கள் 56 சதவீதம். உங்கள் விளம்பரம் 45 சதவீதத்தைத்தான் சென்றடைகிறது. அதாவது டிவி பார்க்கும் ஒருவர் உங்கள் விளம்பரத்தில் சிக்க சுமார் 80 சதவீத வாய்ப்பு. மற்ற இரண்டிலும் ஏறக்குறைய அதே விகிதம்தான் வருகிறது. எனவே ஒரே ஊடகம் உள்ளவர் தப்பிவிட 20 சதவீத வாய்ப்பு, இரண்டு உள்ளவர் தப்ப 4 சதவீதம், மூன்றும் உள்ளவர் தப்புவது 1 சதவீதத்துக்கும் குறைவு. இதன்படி 70 பேரில் 14 பேரும் 52 பேரில் 2 பேரும் தப்புகிறார்கள். எந்த ஊடகமும் இல்லாத 40 பேர் முழுமையாக வெளியே நிற்கிறார்கள். மொத்தம் 56 பேர், 28 சதவீதம். ஆக ரீச் 77 அல்ல, 72 சதவீதம். சுமார் 1,44,000 பேர். 11,60,000-ஐ இதால் வகுத்தால், ஒருவர் சராசரியாக எத்தனை முறை பார்க்கிறார் என்பதைச் சொல்லும் ஃப்ரீக்வன்சி 8.

77-க்கும் 72-க்கும் இடையிலான ஐந்து சதவீதத்துக்காக நான் இவ்வளவு சொல்லவில்லை. 200 பேர் மாதிரியில், எந்த ஊடகமும் இல்லாத அந்த 20 சதவீதமே 15 முதல் 25 வரை எங்கும் இருக்கலாம். இந்தக் கணக்கெடுப்பு காட்டும் முக்கியமான செய்தி வேறு. நீங்கள் தவறவிடும் 56,000 பேரில் 40,000 பேரை இந்த மூன்று ஊடகங்களில் எவ்வளவு பணம் போட்டாலும் தொடவே முடியாது. மீதி 16,000 பேருக்காக மட்டுமே கூடுதல் ஸ்பாட், அதாவது கூடுதல் விளம்பர நேரம், வாங்குவதில் பொருள் உண்டு. ரீச் போதவில்லை என்றதும் டிவி விளம்பரத்தைக் கூட்டலாம் என்று விற்பவர் சொல்வார். அப்போது இந்த இரண்டு எண்களையும் முன்னால் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அதற்கு முன் அடிப்படை எண்களையே ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளூர் கேபிள் சேனல் சொல்லும் 90,000 எப்படி வந்தது என்று கேளுங்கள். இணைப்புகளின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கியது என்றால் அது அந்தச் சேனல் கிடைக்கும் வீடுகளில் வாழும் மக்களின் தொகை. பார்ப்பவர்களின் தொகை அதைவிட மிகக் குறைவாக இருக்கலாம். ஃபேஸ்புக் காட்டும் ரீச் ஒரு மதிப்பீடு; அது கணக்குகளை எண்ணுகிறது, மனிதர்களை அல்ல. ஒரே போனை வீட்டில் மூன்று பேர் பார்த்தாலும் ஒன்றுதான். ஒருவரே தொடர்பில்லாத இரண்டு கணக்குகள் வைத்திருந்தால் இரண்டு. அந்த ஊரில் வசிப்பவர்களோடு அண்மையில் அங்கு வந்துபோனவர்களும் அதில் சேர்கிறார்கள். பஸ் நிலையமும் கோயிலும் உள்ள ஊர் என்றால் இது சிறிய தொகையாக இருக்காது.

இனி சராசரிக்கு வருவோம். சராசரியாக 8 முறை என்றதும், 1,44,000 பேரும் ஏழெட்டு முறை பார்த்துவிட்டார்கள் என்று நிர்வாகக் குழுவில் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அப்படி நடப்பதே இல்லை. டிவியை மட்டும் எடுத்துப் பார்ப்போம். நாள் முழுவதும் அந்தச் சேனலை ஓடவிடும் வீடுகள் சில, செய்திக்கு மட்டும் திருப்பும் வீடுகள் பல. இப்படிப்பட்ட ஏற்றத்தாழ்வை விவரிக்க எதிர்மறை ஈருறுப்புப் பரவல் என்ற கணித மாதிரி நீண்ட காலமாகப் பயன்படுகிறது. அதற்கு இரண்டு எண்கள் போதும்: ஊரில் ஒருவருக்குச் சராசரி எத்தனை இம்ப்ரஷன் (5,40,000 ÷ 2,00,000 = 2.7), பார்க்காதவர் எத்தனை பங்கு (0.55).

```python
m, p0 = 2.7, 0.55
lo, hi = 0.001, 50
for _ in range(100):
    k = (lo + hi) / 2
    if (1 + m/k)**-k > p0: lo = k
    else: hi = k
p = [p0]
for n in range(1, 10):
    p.append(p[-1] * (k+n-1)/n * m/(m+k))
print(k, p, 1 - sum(p))
```

இதில் `p` என்பது ஒரு முறையும் பார்க்காதவர், ஒரு முறை பார்த்தவர், இரண்டு முறை பார்த்தவர் என்று 9 முறை வரையிலான பங்குகள். கடைசி எண் 10 முறையோ அதற்கு மேலோ பார்த்தவர்கள். `k` சுமார் 0.24 வரும், அது சிறியதாக இருக்க இருக்க ஏற்றத்தாழ்வு அதிகம் என்று பொருள்.

விடை என்ன சொல்கிறது? டிவி வழியாகச் சென்றடையும் 90,000 பேரில் சுமார் 24,000 பேர் நான்கு வாரத்தில் ஒரே ஒரு முறைதான் பார்க்கிறார்கள். இன்னும் 14,000 பேர் இரண்டு முறை. மறுமுனையில் 17,000 பேர் பத்து முறையோ அதற்கு மேலோ பார்க்கிறார்கள், சராசரியாக 18 முறை. நீங்கள் வாங்கிய 5,40,000 இம்ப்ரஷன்களில் பாதிக்கும் மேல் இந்த 17,000 பேரிடமே போகிறது. சராசரி 6 என்பது இந்த இரண்டு கூட்டங்களில் எதையுமே விவரிக்கவில்லை. ஆகவே திட்டத்தை யாரிடம் வாங்கினாலும் சராசரியோடு நிறுத்தாமல், 1 முறை, 2 முறை, 3 முதல் 9, 10-ம் அதற்கு மேலும் என்ற பிரிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அதே மாதிரியில் டிவி விளம்பரத்தை இரட்டிப்பாக்கிப் பார்த்தால் ரீச் 45-லிருந்து 53 சதவீதத்துக்குத்தான் போகிறது. இன்னொரு 5,40,000 இம்ப்ரஷனுக்குப் பணம் கொடுத்து 16,000 புதிய பார்வையாளர்கள். அவர்களிலும் பலரை எஃப்எம் அல்லது ஃபேஸ்புக் ஏற்கெனவே பிடித்திருக்கும். மீதமுள்ள பணம் எல்லாம் ஏற்கெனவே பார்த்தவர்களுக்கே மறுபடியும் காட்டச் செலவாகிறது. அதே எண்ணிக்கை ஸ்பாட்டுகளை ஒரே தொடரின் இடைவேளைகளில் குவிக்காமல், காலைச் செய்தி, மதியத் திரைப்படம், இரவுப் பக்திப் பாடல் என்று நேரத்தையும், முடிந்தால் சேனலையும் மாற்றிப் பரப்பினால் கூடுதல் செலவில்லாமலேயே ரீச் ஏறும். டிவியில் ஒரு மனிதருக்கு இத்தனை முறைதான் என்று கட்டுப்பாடு வைக்க முடியாது. ஃபேஸ்புக்கில் முடியும்: ரீச்சை இலக்காகத் தேர்ந்தெடுத்தால் ஏழு நாட்களுக்கு 2 முறை என்று உச்சவரம்பு வைக்கலாம். அதைக் கட்டாயம் வையுங்கள்.

எத்தனை முறை பார்த்தால் போதும் என்ற கேள்விக்கு உங்களுக்குப் பெரும்பாலும் '3' என்றுதான் பதில் வந்திருக்கும். அந்த எண்ணோடு அதிகம் சேர்த்துப் பேசப்படுபவர், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் க்ருக்மன். 1972-ல் எழுதிய கட்டுரையில் அவர் சொன்னது, மனம் கடக்கும் மூன்று கட்டங்களை. முதலில் 'இது என்ன?', அடுத்து 'இதனால் எனக்கு என்ன?', மூன்றாவது நினைவூட்டல். அதற்குப் பிறகு வருவதெல்லாம் மூன்றாவதன் மறுபதிப்பு. ஒருவர் இருபத்துமூன்றாவது முறை காணும்போதுதான் அவரது இரண்டாவது கட்டமே தொடங்கலாம். இதை நான்கு வாரத்தில் மூன்று முறை காட்டினால் வேலை முடிந்தது என்ற விதியாகச் சுருக்கியது பின்னால் வந்த திட்டமிடல் பழக்கம். நீங்கள் அந்த விதிக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

உங்கள் விஷயத்தில் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டியது கொசு. ஏடிஸ் எஜிப்தி முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். அதனால்தான் தொட்டி, டிரம், ஃபிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை காலிசெய்து தேய்த்துக் கழுவச் சொல்கிறோம். டெங்கு கொசுவால் வருகிறது என்பது தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குத் தெரிந்த செய்தி. அதைப் புதிதாகப் புரியவைக்கப் பல முறை சொல்ல வேண்டியதில்லை. வேண்டியது, அடுத்த முறை கழுவும் நாளுக்குச் சற்று முன்பு ஒரு நினைவூட்டல். ஒரே வாரத்தில் ஐந்து முறை கேட்டுவிட்டு அடுத்த ஏழு வாரங்கள் ஒன்றுமே கேட்காதவரைவிட, வாரம் ஒருமுறை கேட்பவரிடம்தான் பலன் இருக்கும்.

எனவே நான்கு வார மொத்த ரீச்சை விட்டுவிட்டு வாராந்திர ரீச்சை அளவுகோலாக எடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. உங்கள் திட்டமோ நான்கு வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. அதே டிவி ஸ்பாட்டுகளைப் பன்னிரண்டு வாரங்களுக்குப் பரப்பினால் என்ன ஆகும்? நான்கு வாரத் திட்டத்தில் ஒவ்வொரு வாரமும் சுமார் 27 சதவீதத்தினர் குறைந்தது ஒருமுறை பார்ப்பார்கள். பன்னிரண்டு வாரத்தில் வாராந்திர எடை, அதாவது ஒரு வாரத்தில் ஓடும் விளம்பர அளவு, மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது; ஆனால் வாராந்திர ரீச் 9 சதவீதமாக விழுவதில்லை, 15 சதவீதத்தில் நிற்கிறது. முதலில் வெட்டுப்படுவது அதிகம் பார்ப்பவர்களின் மறுபடி மறுபடி பார்வைகள் என்பதே காரணம். ஒருவர் ஒரு வாரம் நினைவூட்டப்படுவதை ஒரு அலகாக வைத்தால், குவித்த திட்டம் சுமார் 2,20,000 அலகுகளைத் தருகிறது, பரப்பிய திட்டம் 3,50,000. செலவு ஒன்றே.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. எடையை மிகவும் குறைத்தால் வாரத்துக்கு ஓரிரு ஸ்பாட்டுகள்தான் மிஞ்சும்; அவை எந்த நேரத்தில் விழுகின்றன என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். மேலும் ஒருவரின் பார்க்கும் பழக்கம் மூன்று மாதமும் மாறாது என்று இந்த மாதிரி எண்ணுகிறது. தீபாவளி வாரம் அதைப் பொய்யாக்கும், விளம்பரக் கட்டணமும் அந்த வாரத்தில் ஏறும். என் யோசனை இதுதான்: முதல் வாரத்தை மட்டும் சற்று அடர்த்தியாக வைத்து, பிறகு ஒவ்வொரு வாரமும் சனி மாலையிலும் ஞாயிறு காலையிலும் குவியுங்கள். பெரும்பாலான வீடுகளில் தொட்டி கழுவ ஆள் இருக்கும் நாள் அதுதான். அதிக மழை பெய்து ஓய்ந்த வாரங்களுக்காகப் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக வையுங்கள்.

ஊடகம் எட்டாத 40,000 பேருக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கும் உதவாது. அவர்களிடம் ஆட்கள்தான் போக வேண்டும். கணக்கெடுப்பில் அந்த 40 பேர் எந்த வார்டுகளில் இருந்தார்கள் என்பதைக் குறித்திருந்தால் வழி தெரிந்துவிடும். நியாயவிலைக் கடை வரிசை பல குடும்பங்களை மாதம் ஒருமுறை தொடும். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்கள் உண்டு. வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளைச் சோதிக்கும் உள்ளாட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் உண்டு. வெளிமாநிலத் தொழிலாளர் விடுதிகளுக்கு இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் அச்சிட்ட படத் தாளும், அந்த மொழி பேசும் ஒருவரும் தேவை. ஒரு வீட்டுக்குச் செலவு டிவியைவிடப் பல மடங்கு ஆகும். அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். டிவியில் கடைசியாகக் கூட்டும் ஒவ்வொரு புதிய ஆளுக்கும் ஆகும் செலவோடு அதை ஒப்பிடுங்கள். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இல்லாமலும் இருக்கலாம்.

பிரசாரம் ஓடத் தொடங்கி மூன்றாம் வாரத்தில் மீண்டும் 200 பேரிடம், அதே முறையில், விளம்பரத்தைப் பார்த்தீர்களா, கடைசியாக எப்போது என்று கேளுங்கள். அதில் ஒளிபரப்பாகவே இல்லாத ஒரு கற்பனை விளம்பரத்தையும் விவரித்துக் கேளுங்கள். கேட்பவர் மனம் நோகக்கூடாது என்று 'பார்த்தேன்' என்று சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். கற்பனை விளம்பரத்தைப் பார்த்ததாக 200-ல் 20 பேர் சொன்னால், உண்மையான விளம்பரத்துக்குக் கிடைத்த எண்ணிலும் ஏறக்குறைய அந்த அளவு காற்று இருக்கிறது, கழித்துவிடுங்கள். கழித்த பிறகும் வரும் எண், அந்த வாரம் வரைக்கும் திட்டத்தில் எழுதிய ரீச்சைவிடக் குறைவாகவே இருக்கும். ஏனென்றால் திட்டக் கணக்கு காண்பதற்கான வாய்ப்பைத்தான் எண்ணுகிறது; டிவி ஓடும்போது சமையலறையில் இருந்தவரும் அதில் சேர்த்தி. ஆனால் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ விழுந்தால், ஸ்பாட்டுகள் சொன்ன நேரத்தில் ஓடினவா என்று ஒளிபரப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். அது சரியாக இருந்தால், பிழை சேனல் கொடுத்த அந்த 90,000-ல் இருக்கிறது.